ஒரே நேரத்தில் விட்ட இரண்டு எஃகு குண்டுகள்: எப்போது, எங்கே சந்திக்கின்றன?

பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, விடை சரியாக வந்தும் நம்பாமல் உட்கார்ந்திருந்தாள். உயரத்திலிருந்து ஒரு பந்தைச் சும்மா விடுகிறோம். அதே நேரத்தில், நேர் கீழிருந்து இன்னொரு பந்தை மேல்நோக்கி எறிகிறோம். இரண்டும் எப்போது சந்திக்கும், எங்கே சந்திக்கும்? இதுதான் கணக்கு. எப்போது என்பதற்கு வந்த விடை, இடைவெளியை எறிந்த வேகத்தால் வகுத்தால் போதும் என்பது.

"அப்பா, ரெண்டு பந்தையும் பூமி இழுக்குது. ஆனா விடையில g எங்கயுமே இல்லையே. எங்க போச்சு?"

தாளில் விளக்குவது சுலபம். இடைவெளி H, எறியும் வேகம் u, கடந்த நேரம் t, பூமி இழுப்பதால் வரும் முடுக்கம் g. உயரங்களைக் கீழ்ப் பந்து புறப்படும் இடத்திலிருந்து அளக்கிறோம்.

```
மேல் பந்து:   y1 = H − g·t²/2
கீழ்ப் பந்து:  y2 = u·t − g·t²/2
y1 = y2  →   t = H / u
```

இரண்டு வரியிலும் ஒரே `g·t²/2` இருக்கிறது, சமன் செய்யும்போது அடிபட்டுப் போகிறது. பூமி இழுக்காமலே இருந்தால் மேல் பந்து அந்தரத்தில் அப்படியே நிற்கும், கீழ்ப் பந்து மாறாத வேகத்தில் அதை நோக்கிப் போகும். பூமி இழுக்கும்போது, அந்தக் கற்பனை இடங்களிலிருந்து இரண்டும் ஒரே அளவு கீழே இறங்கியிருக்கும். அதனால் இடைவெளியில் மாற்றமே வராது. இதைச் சொன்னேன். தலையாட்டினாள், ஆனால் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி என்பது முகத்தில் தெரிந்தது. சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும் என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரத்தில் எது கோளாறானது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குண்டும் குழாயும்

முதலில் டேபிள் டென்னிஸ் பந்து போதும், யார் மேல் விழுந்தாலும் வலிக்காது என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் அதைக் கைவிட்டேன். அந்தப் பந்தின் எடை 2.7 கிராம்தான். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போகும்போது, காற்று அதைத் தடுக்கும் விசை அதன் எடையில் ஏறக்குறைய பாதி வந்துவிடும். நம் சமன்பாட்டில் காற்றே கிடையாது. அதனால் 20 மி.மீ. விட்டமுள்ள இரண்டு எஃகு பேரிங் குண்டுகளை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் சுமார் 33 கிராம். இந்த வேகத்தில் காற்றின் தடை அவற்றின் எடையில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது.

மேல் குண்டை ஒரு மின்காந்தம் பிடித்துக்கொள்ளும். ஒரு தடித்த போல்ட்டின் மேல் எனாமல் கம்பியைச் சுற்றி, மாடிப்படிக் கைப்பிடியில் நீட்டிக் கட்டியிருந்தேன். கீழே ஒரு மேசை, அதன் விளிம்பில் கிளாம்ப் போட்ட பிவிசி குழாய், அதற்குள் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அழுத்தி ஒரு கொக்கியில் மாட்டி வைத்து, கொக்கியை விடுவித்தால் குண்டு மேலே பாயும். கொக்கி நகர்ந்தால் ஒரு சுவிட்ச் திறந்து காந்தத்துக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். இரண்டும் ஒரே நேரம். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

இரண்டு குண்டுகளும் மோத வேண்டாம் என்று முடிவு செய்தோம். எஃகும் எஃகும் மோதினால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மேல் குண்டைப் பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி வைத்தோம். கேமராவில் இரண்டும் ஒரே மட்டத்தில் தெரியும் பிரேம்தான் சந்திப்பு. இதில் இன்னொரு வசதியும் உண்டு. மோதவிட்டால், மையங்களுக்கு இடையே ஒரு விட்டம் இருக்கும்போதே குண்டுகள் தொட்டுக்கொள்ளும், அந்த 2 செ.மீ.-ஐக் கழிக்க வேண்டும். பக்கத்தில் கடந்து போனால் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். அந்த இடைவெளியைச் சரியாக 2.40 மீட்டருக்கு வைத்தோம். குழாயின் வாயை மேல் குண்டு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு பாகை, ஒன்றரைப் பாகை சாய்த்திருந்தேன். போன குண்டு திரும்பக் குழாய்க்குள்ளேயே விழாமல் பக்கத்தில் விழும். செங்குத்து வேகத்தில் இதனால் வரும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீழே தரையில் பழைய மெத்தை ஒன்றை விரித்தோம்.

அளவு நாடாவைச் சுவரில் ஒட்டாதீர்கள். நான் ஒட்டியிருந்தேன். கேமரா குண்டுகளிலிருந்து 4 மீட்டர் தள்ளி, சுவர் குண்டுகளுக்கு 30 செ.மீ. பின்னால். கேமராவின் மட்டத்துக்கு 80 செ.மீ. மேலே இருக்கும் குண்டு, சுவர் நாடாவில் 86 செ.மீ. மேலே இருப்பதுபோல் தெரிந்தது. நாடாவைக் குண்டுகள் போகும் அதே தளத்தில், நுனியில் ஒரு எடையைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அளவுகள் ஒழுங்குக்கு வந்தன.

கேமரா என்பது கைபேசியின் ஸ்லோ மோஷன்தான், நொடிக்கு 240 பிரேம். அது உண்மையிலேயே 240 தானா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், சில கைபேசிகளில் வெளிச்சம் குறைந்தால் இந்த எண்ணும் குறையும். ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்றைப் பத்து நொடி படமெடுத்து எண்ணினோம். 2400 வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு எடுத்தபோது குறைந்தது. அதனால் எல்லாச் சோதனையையும் பகல் வெளிச்சத்திலேயே வைத்துக்கொண்டோம்.

வேகத்தைத் தெரிந்துகொள்வது

u எவ்வளவு என்பதைச் சந்திப்பிலிருந்து கணக்கிடக் கூடாது. எதைச் சோதிக்கிறோமோ அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டதாகிவிடும். அதனால் கீழ்க் குண்டைத் தனியாக எறிந்து, உச்சிக்கு எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தோம். உச்சியை அளப்பது சுலபம். அங்கே குண்டு தயங்கி நிற்கும், உச்சிக்கு ஐந்து பிரேம் முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்தால்கூட 2 மி.மீ.தான் நகர்ந்திருக்கும். ஸ்பிரிங்கை 10 செ.மீ.-க்குச் சற்று மேல் அழுத்தியபோது குண்டு குழாய் வாயிலிருந்து 1.84 மீட்டர் உயர்ந்தது. வேகத்தின் வர்க்கம் 2gh, இதில் h என்பது இந்த உச்சி உயரம். ஆகவே வேகம் நொடிக்கு 6 மீட்டர். ஐந்து முறை எறிந்தும் உச்சி ஒன்றரை செ.மீ.-க்குள்தான் மாறியது.

இப்போது எதிர்பார்க்க வேண்டிய எண்களை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம். நேரம் 2.40 / 6, அதாவது 0.40 நொடி, 96 பிரேம். அதற்குள் மேல் குண்டு 78 செ.மீ. விழுந்திருக்கும். சந்திக்கும் உயரம் குழாய் வாயிலிருந்து 1.62 மீட்டர்.

முதல் முறை எறிந்தோம். குண்டு குழாயின் வாயில் தலைகாட்டிய பிரேமைப் பூச்சியமாக வைத்து மகள் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே எண்ணினாள். 96. இன்னொரு முறை, 96. மூன்றாவது முறை 97.

அதைவிட அவளுக்குப் பிடித்தது, நடுவில் நிறுத்தி அளந்ததுதான். 48-வது பிரேமில், அதாவது 0.2 நொடியில், மேல் குண்டு 19.6 செ.மீ. விழுந்திருக்க வேண்டும், கீழ்க் குண்டு 1.00 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இடைவெளி 1.20. சரிபாதி. பிரேமுக்குப் பிரேம் பார்த்தால் மேல் குண்டு வேகமெடுக்கிறது, கீழ்க் குண்டு வேகமிழக்கிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு பிரேமுக்கு 2.5 செ.மீ. என்று கடிகாரம்போலக் குறைகிறது. 6 மீட்டரை 240-ஆல் வகுத்தால் வருவது அதே 2.5 செ.மீ. g எங்கே போனது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. ஒன்று பெறும் வேகத்தை மற்றொன்று அதே அளவில் இழக்கிறது. ஒன்றை ஒன்று நெருங்கும் வேகம் மட்டும் புறப்பட்டபடியே இருக்கிறது.

இத்துடன் முடிந்தது என்று சாமான்களைக் கழற்றப் போனேன்.

"அப்ப குண்டு குழாய்க்குள்ளதானே இருக்கு?"

மகள் கொக்கியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கொக்கிய விட்டதும் மேல் குண்ட விட்டுடுறோம். ஆனா அப்ப கீழ்க் குண்டு இன்னும் குழாய்க்குள்ளதானே இருக்கு? அது வாய்க்கு வர நேரம் ஆகாதா? அப்புறம் எப்படி ஒரே நேரம்?"

நியாயமான கேள்வி. வீடியோவை மறுபடி ஓட்டினோம். குழாயின் பக்கத்தில் ஒரு பிளவு வெட்டி, ஸ்பிரிங்கைத் தள்ளும் தண்டின் குமிழ் வெளியே தெரியும்படி வைத்திருந்தேன். குமிழ் அசையத் தொடங்கியதிலிருந்து குண்டு வாயில் தெரியும் வரை 6 பிரேம். அதாவது 25 மில்லிநொடி. அப்படியென்றால் மேல் குண்டு 25 மில்லிநொடி முன்னதாகவே புறப்பட்டிருக்க வேண்டும், விடை தவறாக வந்திருக்க வேண்டும். ஆனால் சரியாக வந்திருக்கிறது. இதுதான் உறுத்தியது.

சுவிட்சைக் குழாயின் வாய்க்கே மாற்றினோம். சமையலறை அலுமினியத் தாளில் 4 மி.மீ. அகலத்தில் ஒரு நாடா கத்தரித்து, வாயின் இரு பக்கமும் இருந்த இரண்டு திருகுகளுக்கு மேல் லேசாக வைத்தோம். மின்சாரம் அதன் வழியாகத்தான் காந்தத்துக்குப் போகும். குண்டு வெளியே வரும்போது தாளைத் தள்ளிவிட்டுப் போகும், அந்தக் கணத்தில் சுற்று அறுந்துவிடும். இதைவிடச் சரியான 'ஒரே நேரம்' வேறு என்ன இருக்க முடியும்?

எறிந்தோம். 100 பிரேம். மறுபடியும் 100. அடுத்தது 101. சந்தித்த உயரமும் 1.62-க்குப் பதில் 1.65.

ஏற்பாட்டைத் திருத்தியதும் விடை கெட்டுவிட்டது. இப்படி நடந்தால் புதிதாக மாற்றியதைச் சந்தேகிக்கத்தான் முதலில் தோன்றும். தாள் குண்டைத் தடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டதோ என்று பார்த்தோம். தாள் வைத்துத் தனியாக எறிந்தபோதும் உச்சி அதே 1.84. தாள் குற்றவாளி இல்லை.

இடைவெளி எப்படிக் குறைகிறது என்று பார்த்தபோது துப்பு கிடைத்தது. பிரேமுக்கு 2.5 செ.மீ. குறைய வேண்டியது 2.4 செ.மீ.தான் குறைந்தது. சீராகத்தான் குறைந்தது, ஆனால் மெதுவாக. அப்போது மேல் குண்டைத் தனியாகக் கவனித்தோம். அது எந்தப் பிரேமில் புறப்பட்டது என்று நேராகப் பார்த்துச் சொல்ல முடியாது. விழத் தொடங்கி ஆறு பிரேம் ஆன பிறகும் வெறும் 3 மி.மீ.தான் இறங்கியிருக்கும், அசையாமல் நிற்பதுபோலவே தெரியும். பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். 60-வது பிரேமில், 0.25 நொடியில், அது 30.6 செ.மீ. விழுந்திருக்க வேண்டும். நாடாவில் 24.8 செ.மீ.தான். 24.8 செ.மீ. விழ ஆகும் நேரம் 0.225 நொடி. ஆக, மேல் குண்டு 25 மில்லிநொடி தாமதமாகப் புறப்பட்டிருக்கிறது.

இப்போது எல்லாம் பொருந்தியது. மின்சாரம் அறுந்த பிறகும் காந்தம் குண்டை 25 மில்லிநொடி பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. முதல் ஏற்பாட்டில் கொக்கி 25 மில்லிநொடி முந்தியது, காந்தம் 25 மில்லிநொடி பிந்தியது. ஒன்றை ஒன்று அப்படியே மறைத்துவிட்டன. அதுவும் வேகத்தை மாற்றினால்கூட வெளிப்படாத மறைப்பு. ஸ்பிரிங்கை அதிகம் அழுத்தினாலும் கொஞ்சம் அழுத்தினாலும் அது விரிந்து முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மகள் கேட்டிருக்காவிட்டால் அந்தச் சரியான விடையோடு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

தாமதத்தைச் சமன்பாட்டில் சேர்த்துப் பார்த்தோம். தாமதம் τ என்றால்:

```
t = (H − g·τ²/2) / (u − g·τ)
```

τ 0.025 என்று போட்டால் பகுதி 6 − 0.245, அதாவது 5.755. நேரம் 0.4165 நொடி, சரியாக 100 பிரேம். 5.755-ஐ 240-ஆல் வகுத்தால் 2.4 செ.மீ. நாங்கள் பார்த்த அதே எண். தாளில் அடிபட்டுப் போன g இதோ திரும்பி வந்திருக்கிறது. மேல் குண்டு தொங்கிக்கொண்டிருந்த அந்த 25 மில்லிநொடியில் கீழ்க் குண்டு மட்டும் வேகத்தை இழந்தது, அதை ஈடுகட்ட மேல் குண்டு எதையும் பெறவில்லை. கணக்கில் 'அதே நேரத்தில்' என்று ஒரு சொல் வருகிறதே, g காணாமல் போவதே அந்தச் சொல்லால்தான். அது கொஞ்சம் பிசகினாலும் g உள்ளே வந்துவிடும்.

காந்தத்தைத் திருத்துவதற்கு ஒரு வாரம் போனது. காயிலுக்கு இணையாக ஒரு டயோடு போட்டிருந்தேன், சுவிட்சில் தீப்பொறி வராமல் காக்க. சுற்று அறுந்த பிறகும் காயிலின் மின்சாரம் அந்த டயோடு வழியாகச் சுற்றிக்கொண்டே மெதுவாகத்தான் அடங்கும். டயோடோடு தொடராக ஒரு மின்தடையைச் சேர்த்ததும் சீக்கிரம் அடங்கியது. போல்ட்டுக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். இரும்போடு இரும்பு நேராகத் தொட்டால் மிச்சமிருக்கும் காந்தம் குண்டை லேசாகப் பிடித்துக்கொள்ளும், காகிதம் அதைத் தடுக்கிறது. அப்புறம், குண்டு விழாமல் நிற்கப் போதுமான அளவுக்கு மின்னோட்டத்தைக் குறைத்தேன். பலமாகப் பிடித்தால் விடுவதற்கும் அதிக நேரம் பிடிக்கும். மூன்றும் சேர்ந்து தாமதம் 4 மில்லிநொடிக்கு இறங்கியது, ஒரு பிரேமுக்கும் குறைவு. மறுபடி எறிந்தோம். 97, 96, 97. உயரம் 1.62.

வேகத்தைக் குறைத்தபோது

ஸ்பிரிங்கை 7 செ.மீ. அழுத்தி வேகத்தை நொடிக்கு 4 மீட்டராக்கினோம். இந்த வேகத்தில் கீழ்க் குண்டின் உச்சி 82 செ.மீ.தான், 98-வது பிரேமிலேயே அங்கே போய்விடும். ஆனால் சந்திப்பு 144-வது பிரேமில். கீழ்க் குண்டு உச்சியைத் தொட்டுத் திரும்பி விழும்போது, மேல் குண்டு பின்னாலிருந்து வந்து அதைத் தாண்டிப் போகிறது. மகள் இதை எதிர்பார்க்கவில்லை. சந்திப்பு என்றால் எதிரெதிரே வருவது என்றே மனதில் பதிந்திருந்தது. எங்களுக்குக் கிடைத்தது 145-வது பிரேம், 62 செ.மீ. கணக்குப்படி 63.6. அந்த 4 மில்லிநொடிதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். வேகம் குறையக் குறைய அதன் விளைவு பெரிதாகும்.

எல்லை எங்கே என்பதையும் கணக்கிட்டோம். u-வின் வர்க்கம் gH-க்குச் சமமானால், கீழ்க் குண்டின் உச்சியிலேயே, சரியாகப் பாதி உயரத்தில் சந்திப்பு. நம் இடைவெளிக்கு அது நொடிக்கு 4.85 மீட்டர். அதற்கு மேல் போனால் ஏறும்போதே சந்திக்கும், கீழே வந்தால் இறங்கும்போது. u-வின் வர்க்கம் gH-இல் பாதிக்கும் கீழே போனால், அதாவது 3.43 மீட்டருக்கும் கீழே, குழாய் வாய்க்கு மேலே சந்திப்பே கிடையாது. எப்போது என்பதில் g இல்லை, எங்கே என்பதில் முழுக்க முழுக்க g-தான்.

கடைசியாக 3.2 மீட்டர் வேகத்தை எடுத்துக்கொண்டோம். H / u கேட்காமலே 0.75 நொடி என்று விடை தருகிறது. உயரம் கழித்தல் 35.6 செ.மீ. வருகிறது. பாடப்புத்தகக் கணக்கில் இப்படி வந்தால், தரைக்குக் கீழே போக முடியாது, எனவே சந்திக்காது என்று எழுதிவிடுவோம். ஆனால் எங்கள் குழாயின் வாய் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில், மேசை விளிம்புக்கு வெளியே இருக்கிறது. "அப்ப கீழ இடம் இருக்கே," என்றாள் மகள்.

நாடாவை வாய்க்குக் கீழேயும் தொங்கவிட்டு, கைபேசியைத் தாழ்த்தி வைத்தோம். 157-வது பிரேமில் கீழ்க் குண்டு திரும்பிவந்து வாயின் பக்கமாகக் கீழே இறங்கியது. பன்னிரண்டு பிரேம் கழித்து மேல் குண்டும் அதே மட்டத்தைக் கடந்தது, இன்னும் வேகமாக. 182-வது பிரேமில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன, வாய்க்கு 39 செ.மீ. கீழே. 4 மில்லிநொடித் தாமதத்தோடு போட்டுப் பார்த்தால் கணக்கும் அதையேதான் சொல்கிறது. மகள் நோட்டில் 39-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுவிட்டு, மேல் குண்டை எடுத்து மறுபடி காந்தத்தில் ஒட்டப் படியேறினாள்.